தடைக்காலம் முடிந்ததும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்: காசிமேட்டுக் குடும்பங்களுக்கு ஒரு டிபி வழிகாட்டி

என் தம்பி காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்கல் போகிறவன். ஒரு தடவை கிளம்பினால் கரைக்கு வர பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். போன வருடம் ஏப்ரலில் அவனுக்கு டிபி என்று தெரிந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தான், ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டான். ஜூன் 15 போட்டுகள் கடலுக்குப் போனதும் எல்லாம் குலைந்தது. ஆகஸ்டில் மறுபடி இருமல். இந்த முறை, முதலில் கொடுத்த மருந்துக்கு அடங்காத டிபி.

அவனுக்கு மாத்திரை வாங்கி, கார்டு வைத்து, கூடவே அலைந்தவள் நான்தான். முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன். கடலுக்குப் போகாத வீட்டுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைக் கொடுங்கள்

மருந்துக்கடையில் இருமல் சிரப்பும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கும் வாங்கி மூன்று வாரத்தை நாங்கள் வீணாக்கினோம். இதில் வீணாவது நாள் மட்டும் இல்லை. கடையில் தரும் ஆன்டிபயாடிக்கில் லெவோஃப்ளாக்சசின் போன்றவை உண்டு. அவை டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் குறைந்த மாதிரி தெரியும், சளி டெஸ்ட்டில் கிருமி சிக்காமல் போகலாம். பின்னால் அடங்காத டிபி வந்தால் கைகொடுக்க வேண்டிய மருந்துகளில் அந்த இனமும் ஒன்று. அதை முன்னாலேயே வீணடித்துவிடக் கூடாது.

உங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் "டிபிக்கு சளி டெஸ்ட் கொடுக்கணும்" என்று சொன்னால் போதும். ஸ்டான்லியிலும் ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் கொடுக்கலாம். சளி டெஸ்ட், எக்ஸ்ரே, மாத்திரை எதற்கும் காசு கிடையாது.

டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். மொட்டை மாடியிலோ வெட்டவெளியிலோ எடுங்கள். ஹவுசிங் போர்டு மாடிப்படியிலும் பொதுக் கழிப்பறையிலும் வேண்டாம், அங்கே காற்று தேங்கி நிற்கும்.

டிபி என்று தெரிந்த அன்றே எடை, உயரம், விரலில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதெல்லாம் பார்ப்பார்கள். சடங்குக்காகச் செய்வதில்லை. தமிழ்நாட்டில் டிபி சாவைக் குறைக்கவென்றே இந்தச் சோதனையை வைத்திருக்கிறார்கள். இதில் மோசமாக வந்தவரை "சேர்க்கணும்" என்று சொன்னால் மறுக்காமல் சேர்த்துவிடுங்கள். சர்க்கரைக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் எடுப்பார்கள், எல்லா டிபி நோயாளிக்கும் அதுதான் வழக்கம்.

2. ரிப்போர்ட்டில் இரண்டு மருந்தின் பெயரைத் தேடுங்கள்

சிபிநாட் அல்லது ட்ரூநாட் மெஷினில் சளியைப் போடுவார்கள். சிபிநாட் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், வரிசையைப் பொறுத்து நம் கைக்கு வர ஓரிரண்டு நாள் ஆகலாம். டிபி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அது சொல்லும். தம்பிக்கு "அடங்கும்" என்று வந்தது. அதோடு நிம்மதியாகிவிட்டோம்.

அந்த டெஸ்ட் ஐசோனியசிட் என்ற இன்னொரு முக்கியமான மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு எல்பிஏ என்று தனி டெஸ்ட் உண்டு, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். அதற்காகத்தான் எங்களிடம் இன்னொரு டப்பா சளி கேட்டார்கள். "ஒரு தபா குடுத்தாச்சே" என்று தம்பி கொடுக்கவில்லை. எதற்கு என்று நானும் கேட்கவில்லை. உங்களிடம் இரண்டாவது டப்பா கேட்டால் கட்டாயம் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் "ஐசோனியசிடுக்கு எல்பிஏ அனுப்பியாச்சா, எப்ப ரிசல்ட் வரும்?" என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் முடிவைக் கேட்டு வாங்குவதை விடக்கூடாது. ஏன் என்பது ஆறாவது படியில் தெரியும்.

3. ஆவணங்களும் பணமும்

ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், எப்போதும் கையில் இருக்கும் போன் நம்பர், இப்போது குடியிருக்கும் விலாசம். இவ்வளவும் வேண்டும். ஆதாரில் பழைய விலாசம் இருந்தால் இப்போது தூங்கும் வீட்டின் விலாசத்தைச் சொல்லுங்கள். மாத்திரை எந்த நிலையத்திலிருந்து வரும், யார் வீட்டுக்கு வருவார் என்பது அதை வைத்துத்தான். ஆதார் கையில் இல்லையென்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள், பிறகு கொடுக்கலாம்.

உங்களுக்கு நிக்ஷய் நம்பர் ஒன்று தருவார்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் வேறு ஆஸ்பத்திரி போனாலும் அந்த நம்பரில் உங்கள் கணக்கு வரும். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அவர் உங்களை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த நம்பரை அவரிடமும் கேட்டு வாங்குங்கள்.

சத்தான சாப்பாட்டுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ஆக இருந்தது. ஆறு மாத சிகிச்சைக்குத் தொடக்கத்தில் 3000, 84 நாள் மருந்து முடித்த பிறகு 3000 என்று இரண்டு தவணை. எங்களுக்கு முதல் தவணை வரவில்லை. தம்பியின் கணக்கு வருடக்கணக்காக எடுக்காமல் போடாமல் முடங்கிக் கிடந்தது. பதிவு செய்த வாரமே வங்கிக்குப் போய்க் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைத்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் வராவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணுக்கு நிக்ஷய் நம்பரோடு கூப்பிடலாம்.

4. எடையைக் கேட்டு, மாத்திரையை எண்ணுங்கள்

தினம் எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 35 முதல் 49 கிலோ வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. ஒரு அட்டையில் 28 மாத்திரை.

தம்பி ஏப்ரல் 21ஆம் தேதி 46 கிலோ, அதனால் 3 மாத்திரை. ஜூன் 15ஆம் தேதியோடு 56 நாள் முடிந்தது, எடை 52. மறுநாள் நிலையத்தில் 4 மாத்திரையாக ஏற்றிக் கொடுத்தார்கள். உடம்பு தேறிய பிறகும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் மருந்து போதாது. ஒவ்வொரு மாதமும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு உதவி உண்டு. அட்டையைப் பார்த்தே எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம். ஜூன் 16ஆம் தேதி 28 நாளைக்கு 112 மாத்திரை, அதாவது 4 அட்டை கொடுத்தார்கள். ஜூலை 14ஆம் தேதி அவன் பையைத் திறந்தேன். 68 மாத்திரை அப்படியே இருந்தது. போட்டது 44. அதாவது 28 நாளில் 11 நாள்தான்.

5. யார் கண் முன்னால் போடுவது என்று முதல் வாரமே முடிவு செய்யுங்கள்

டாட்ஸ் என்று சொல்வதன் பொருளே இதுதான்: இன்னொருவர் பார்க்க மாத்திரையை விழுங்குவது. தினமும் நிலையத்துக்கு நடக்க வேண்டியதில்லை. சுகாதாரப் பணியாளரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வீட்டில் ஒருவரோ பார்க்கலாம். வீட்டு ஆள் என்றால் ஒரு ஆபத்து உண்டு. பாசத்தில் "இன்னிக்கு ஒரு நாள் போவட்டும்" என்று விட்டுவிடுவோம். தம்பி கடலிலிருந்து கரைக்கு வந்த நாட்களில் அம்மாவிடம் அந்தப் பொறுப்பு இருந்தபோது அப்படித்தான் நடந்தது. கண்டிப்பாகப் பேசக்கூடிய ஆளைப் பிடியுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன். தம்பியின் போட்டிலேயே இன்னொருவருக்கு டிபி கண்டுபிடித்தார்கள் (அதைப் பிறகு சொல்கிறேன்). அவருக்கு இது சரியாக நடந்தது. முதல் இரண்டு மாதம் அவர் கடலுக்குப் போகவில்லை. சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகுதான் போனார். அவர் எடை 58, தினம் 4 மாத்திரை. 12 நாள் தங்கலுக்கு 48. மீன் கிடைத்தால் கூட நாலு நாள் நிற்கும் என்று 16 சேர்த்து 64. தேதி வாரியாகப் பிரித்து, தண்ணீர் புகாத மூடி போட்ட டப்பாவில் போட்டார்கள். டப்பா அவரிடம் இல்லை, போட்டு டிரைவரிடம் இருந்தது. காலையில் டீ போடும் முன் வெறும் வயிற்றில் டிரைவர் எடுத்துக் கொடுப்பார், நின்று பார்ப்பார். கரைக்கு வந்ததும் காலி அட்டையோடு நிலையத்துக்குப் போவார்.

கிளம்பும் தேதியை முன்கூட்டியே சொன்னால் கூடுதல் நாளுக்கு மாத்திரை தருவார்கள். ராத்திரி கிளம்பும் போட்டுக்குச் சாயங்காலம் ஓடிப் போய்க் கேட்டால் நிலையம் பூட்டியிருக்கும்.

6. விட்டு விட்டுப் போட்டால் உள்ளே என்ன நடக்கிறது

"இருமலே இல்லக்கா, இன்னாத்துக்கு இன்னும் மாத்திர?" என்று தம்பி கேட்டபோது பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவன் கேட்டிருப்பான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நுரையீரலில் டிபி ஒரு குழியை உண்டாக்கியிருந்தால் அதற்குள் பத்து கோடி கிருமிகள் இருக்கலாம். ஏறத்தாழ பத்து லட்சம் கிருமிக்கு ஒன்று, மருந்தே தொடும் முன்னாலேயே, ஐசோனியசிடுக்குச் சாகாததாகப் பிறக்கும். ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது பத்து கோடியில் ஒன்று. அப்படியானால் அந்தக் குழியில் ஐசோனியசிடுக்கு அடங்காத நூறு கிருமி முதல் நாளே உண்டு. அதனால்தான் ஒரே மருந்து கொடுப்பதில்லை. ஐசோனியசிட் விட்டதை ரிஃபாம்பிசின் கொல்லும். இரண்டுக்கும் சேர்ந்து தப்பிக்கும் கிருமி நூறு லட்சம் கோடியில் ஒன்றுதான், அவ்வளவு கிருமி ஒரு உடம்பில் இருக்காது.

முதல் வாரங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் கூட்டமாகச் சாகும். காய்ச்சல் விடும், பசிக்கும், இருமல் நிற்கும். மிச்சம் இருப்பவை சோம்பலாகக் கிடப்பவை. பெருகும்போதுதான் அவற்றைச் சுலபமாகக் கொல்ல முடியும் என்பதால் அவற்றைத் தீர்க்கத்தான் அடுத்த நான்கு மாதம். அந்த நேரத்தில் நிறுத்தினால் அவை மெல்ல எழும். டிபி கிருமி இரட்டிப்பாக ஏறத்தாழ 20 மணி நேரம் எடுக்கும். மற்ற பல கிருமிகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால் மாத்திரையை விட்ட மறுவாரம் எதுவும் தெரியாது. "விட்டேன், ஒண்ணும் ஆவல" என்ற தைரியம் வந்துவிடும்.

கரைக்கு வந்து நான்கு நாள் போட்டு, மறுபடி பத்து நாள் விட்டால் நிலைமை இன்னும் கெடும். நான்கு மருந்துகளும் ஒரே வேகத்தில் கொல்வதில்லை, ஒரே நேரத்துக்கு உடம்பில் நிற்பதும் இல்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மருந்துக்குத் தப்பியவை மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்திக்கொள்ளும். நூறாக இருந்த ஐசோனியசிடுக்கு அடங்காதவை இப்படிக் கோடிகளாகப் பெருகினால், அந்தக் கோடிகளுக்குள் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத ஒன்று பிறக்க இடம் கிடைத்துவிடும். அதன் பிறகு போடும் ஒவ்வொரு மாத்திரையும் மற்றவற்றைக் கொன்று அந்த ஒன்றுக்கு இடம் விடுகிறது.

இரண்டாவது டப்பா சளிக்கு வருகிறேன். ஒருவருக்கு முதலிலேயே ஐசோனியசிடுக்கு அடங்காத கிருமி இருந்து, அது தெரியாமல் போனால், கடைசி நான்கு மாதம் ரிஃபாம்பிசின்தான் ஏறக்குறைய தனியாகச் சுமக்கிறது. அப்போது சில வாரம் விட்டாலும் அதுவும் போய்விடும். எல்பிஏ முடிவு கையில் இருந்திருந்தால் மருந்தையே மாற்றியிருப்பார்கள். தம்பிக்கு அப்படி நடந்ததா, விட்டதால் மட்டும் வந்ததா என்பதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சளியைக் கொடுக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போடுங்கள், மறுநாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம். ஒரு வாரம் விட்டுப்போனால் மறைக்காமல் நிலையத்தில் சொல்லுங்கள். ஒரு மாதம் போல விட்டிருந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையை எடுத்து நீங்களாகத் தொடங்கவே கூடாது. முதலில் சளியை மறுபடி மெஷினில் பார்க்க வேண்டும். ஜூலையில் 68 மாத்திரையைப் பார்த்த அன்றே நான் அவனை இழுத்துப் போயிருக்க வேண்டும். திட்டிவிட்டு, மிச்சத்தைப் போடச் சொல்லி அனுப்பினேன்.

7. ஒத்துக்கொள்ளாவிட்டால் பொறுக்கி எடுக்காதீர்கள்

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயப்பட வேண்டாம். குமட்டல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றியோ வேறு மருந்து சேர்த்தோ சரிசெய்வார்கள். நான்கை ஒரே மாத்திரையாகச் செய்திருப்பதே யாரும் ஒன்றை மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது என்றுதான். "மூணு போட்டா வாந்தி, ரெண்டு போதும்" என்று குறைப்பது அதையும் கெடுத்துவிடும்.

கண் வெள்ளை மஞ்சளாவது, விடாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் மட்டும் எல்லா மாத்திரையையும் நிறுத்தி அன்றே டாக்டரிடம் போங்கள், கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். சிறுநீர் நிறத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, கண்ணைப் பாருங்கள். பார்வை மங்கினால், சிவப்பும் பச்சையும் கலங்கித் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். குடிப்பவர்களுக்குக் கல்லீரல் ஆபத்து அதிகம். அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

8. கூட இருந்தவர்களின் பட்டியலில் போட்டையும் எழுதுங்கள்

வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். நாங்கள் அம்மா, நான், என் நான்கு வயது மகள் என்று மூன்று பேரைச் சொன்னோம். ஒன்பது பேர் பத்து நாள் ஒரே கேபினில் படுத்துத் தூங்கும் போட்டைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று தம்பிக்குப் பயம். ஆகஸ்டில்தான் நிலையத்து சிஸ்டரிடம் சொன்னோம். அவர் தம்பி பெயரைச் சொல்லாமல், அந்த வரிசைப் போட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பரிசோதனை வைத்தார். அதில்தான் அந்த இன்னொருவர் தெரிந்தார். உங்களுக்கும் அந்தப் பயம் இருந்தால் இப்படிக் கேளுங்கள்.

எல்லோருக்கும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை கேட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஐசோனியசிட் தினமும் ஆறு மாதம், அல்லது வாரம் ஒருமுறை இரண்டு மருந்து பன்னிரண்டு வாரம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதியானால், வேறு டெஸ்ட்டுக்குக் காத்திராமல் தருவார்கள். குழந்தைகளுக்கு டிபி மூளை வரை சீக்கிரம் போய்விடும்.

நோய் இல்லை என்று பார்க்காமல் இந்த மாத்திரையை யாரும் தொடங்கக் கூடாது. நோய் இருப்பவர் ஐசோனியசிடை மட்டும் போட்டால், மேலே சொன்ன அந்த நூறு கிருமியும் தனியாகப் பெருகும். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த தடுப்பு மாத்திரையை வாங்கிப் போடுவதும் அப்படித்தான். நோயாளிக்கு அடங்காத டிபி என்றால் கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்தே வேறு. தம்பிக்கு ரிசல்ட் வந்த மறுநாள் மகளின் கார்டைக் கொண்டுபோய், மறுபடி எக்ஸ்ரே எடுத்து, மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்டேன். யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கவில்லை.

9. தவறவிடக் கூடாத தேதிகள்

கார்டின் பின்பக்கத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாத முடிவில் சளி, ஆறு மாத முடிவில் சளி. இரண்டாம் மாதச் சளியில் கிருமி இருந்தால் மருந்துக்கு அடங்குகிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். தம்பிக்கு ஜூன் 16ஆம் தேதி டப்பா கொடுத்தார்கள். அன்று ராத்திரியே போட்டு கிளம்பிவிட்டது, டப்பா அலமாரி மேல் காலியாக இருந்தது. தடைக்காலத்தில் சிகிச்சை தொடங்குகிறவர்களுக்கு இரண்டாம் மாதச் சளியும் போட்டு கிளம்பும் நாளும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழும். அதனால் அந்தச் சளியைக் கொடுத்துவிட்டுத்தான் கடலுக்கு.

இப்போது அவன் நான்கு மருந்து கொண்ட 26 வார சிகிச்சையில் இருக்கிறான். முன்பு அடங்காத டிபிக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், பலருக்கு ஊசியும் உண்டு. அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அடிக்கடி இசிஜி, ரத்தப் பரிசோதனை, பாதத்தில் மரமரப்பு வருகிறதா என்ற கேள்வி, இவை எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி போக வேண்டும். இந்த வருட வருமானம் முழுவதும் போனது. மாத்திரை முடிந்த பிறகும் 6, 12, 18, 24ஆவது மாதங்களில் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். அந்த நான்கு தேதியையும் வீட்டுக் காலண்டரில் குறித்து, போட்டு டிரைவரிடமும் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறேன்.